ஒரே பெயர், ஒரே வார்டு: ரத்த டியூப் எங்கே மாறுகிறது?

கேள்வி: அம்மா அட்மிட் ஆகியிருக்கும் வார்டில் அதே பெயர், அதே இனிஷியலில் இன்னொருவரும் இருக்கிறார். ரிப்போர்ட் மாறிவிடாதா? நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தனியார் மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். நம் ஊரில் இது அடிக்கடி வரும். ஒருவருக்கு அப்பா பெயரிலிருந்து ‘கே’, இன்னொருவருக்குக் கணவர் பெயரிலிருந்து ‘கே’. எழுதினால் இரண்டு பேரும் கே. லட்சுமி. (பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.)

அப்படி இரண்டு பேர் ஒரே வார்டில் இருந்தார்கள். ஒரு நாள் காலை வந்த ஊதா மூடி டியூபில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 11.9. முந்தைய நாள் அவருக்கு 7.4. இடையில் ரத்தம் ஏற்றவில்லை. ஒரே ராத்திரியில் அவ்வளவு ஏறாது என்பதால் ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டு, அதே டியூபில் ரத்த வகை பார்த்தோம். பழைய பதிவில் ஓ பாசிட்டிவ். இதில் ஏ பாசிட்டிவ். உடனே வார்டுக்குப் போன் செய்தோம். இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து, நர்சிங் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, அங்கே லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் மாறியது. இரண்டு டியூபையும் ஒதுக்கிவிட்டு, திரும்ப எடுக்கச் சொன்னோம்.

லேபிளில் இருந்த நோயாளி எண் சரியாகத்தான் இருந்தது, உள்ளே இருந்த ரத்தம்தான் வேறொருவருடையது. அதனால் எண் மட்டும் காப்பாற்றாது. ரத்தம் எடுத்ததும் கட்டிலருகிலேயே, கைப்பட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு லேபிள் ஒட்ட வேண்டும். முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிடும் எங்கள் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. முதல் தடவை வருபவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. அதனால்தான் எங்கள் இடத்தில் ரத்தம் ஏற்றும் முன் வேறொரு நேரத்தில் இரண்டாவது சாம்பிள் எடுத்து வகையை உறுதி செய்கிறோம். தயவுசெய்து “மறுபடியும் ஏன் குத்துகிறீர்கள்” என்று மறுத்துவிடாதீர்கள்.

அப்புறம், பெயர் கேட்கும் விதம். “லட்சுமிதானே?” என்றால் காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேர் என்ன, வயசு என்ன?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்து, பிறகு பட்டையைப் பார்க்க வேண்டும். கட்டில் எண்ணை அடையாளமாக வைக்கக்கூடாது. வார்டில் ஆளை இடம் மாற்றினால் அது போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வார்டு சிஸ்டரிடம் “இதே பேர்ல இன்னொருத்தர் இருக்காங்க” என்று இன்றே சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், முடிந்தால் கட்டிலையும் தள்ளிப் போடுவார்கள். அம்மாவின் நோயாளி எண்ணை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அந்த எண்ணையும் வயதையும் பாருங்கள். ட்ரிப் போடவோ ஊசி போடவோ கைப்பட்டையைக் கழற்றினால், அடுத்த மருந்துக்கு முன்பே புதிதாக ஒன்று கட்டச் சொல்லுங்கள்.