பொக்லைன் பில்லு சரி, ஷீட்டுதான் 24 மணி நேரத்தை முழுங்கிருச்சு

கேள்வி: கோபாலபுரம் பக்கம் எங்க தென்னந்தோப்புல ஆறு நாள் பொக்லைன் ஓட்டுனோம்ங்க, வண்டி பார்டர் தாண்டி சித்தூர்ல இருந்து வந்துச்சு, மணிக்கு 1200 ரூபா பேச்சு. ஓனர் 44 மணி 30 நிமிஷம்னு பில் போட்டிருக்கார், நான் எக்ஸெல்ல கூட்டுனா 20:30தான் வருது. ஏமாத்துறாரா?

பதில்: இல்லைங்க, அவர் கணக்கு சரி. நீங்க அனுப்புன 7:30, 8:15, 6:45, 9:00, 7:20, 5:40 ஆறையும் நான் கையில கூட்டிப் பாத்தேன், 44:30தான் வருது. எக்ஸெல் நேரத்தை ஒரு நாளோட பங்காத்தான் வச்சுக்கும், 24 மணி நேரம்னா அதுக்கு 1, 12 மணின்னா 0.5. உங்க கூட்டுத்தொகை உள்ள சரியாத்தான் இருக்கு, ஆனா அந்த செல் கடிகாரம் மாதிரி காட்டுற ஃபார்மேட்ல இருக்கறதால முழு நாளை விட்டுட்டு மிச்சம் 20:30ஐ மட்டும் காட்டுது.

டோட்டல் வர்ற B8 செல்ல ரைட் கிளிக் பண்ணி Format Cells, அதுல Custom போய் இதை அடிங்க:

```
[h]:mm
```

அந்த சதுர அடைப்புக்குறிதான் முக்கியம், அது இருந்தா 24 தாண்டியும் மணி ஏறிக்கிட்டே போகும். கூகுள் ஷீட்ல Format, Number, Duration போட்டா 44:30:00னு வரும்.

அடுத்து பணக் கணக்கு, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 44:30ஐ நேரா 1200ஆல பெருக்குனா 2225 ரூபாதான் வரும், ஏன்னா பெருக்குறது மணியை இல்ல, நாளை. அதனால 24ஆலயும் பெருக்கணும்:

```
=B8*24*1200
```

விடை 53400. செல்ல Number ஃபார்மேட்டுக்கு மாத்திக்கங்க, இல்லைன்னா அதையும் நேரமாவோ தேதியாவோ காட்டும்.

வாட்ஸ்அப்ல வந்த லிஸ்ட்ட காப்பி பண்ணி ஒட்டுனா சில நேரம் எழுத்தாவே விழுந்துரும், செல்லுல இடது பக்கம் ஒட்டி நிக்கும், SUM அதைச் சத்தமில்லாம விட்டுட்டுப் போயிரும். `=COUNT(B2:B7)` போட்டுப் பாருங்க, 6 வரணும், 5 வந்தா ஒரு நாள் கணக்குல சேரல, அதைத் திரும்பக் கையால அடிங்க. புள்ளி வச்சு 7.30னு அடிச்சாலும் வம்புதான், ஏழே கால் நாளுக்கு மேலன்னு எடுத்துக்கிட்டு [h]:mm ஃபார்மேட்ல 175:12னு காட்டும்.

இன்னொன்னு, வண்டில இருக்கற அவர் மீட்டர்ல புள்ளிக்கு அப்புறம் வர்றது நிமிஷம் இல்லைங்க, பத்துல ஒரு பங்கு, அதாவது ஒவ்வொன்னும் 6 நிமிஷம். 7.5னா 7:30, அதை 7:50னு எழுதுனா 20 நிமிஷம் கூட, உங்க ரேட்டுக்கு 400 ரூபா. முதல் நாள் காலைல எடுத்த ரீடிங்கையும் கடைசி நாள் சாயங்கால ரீடிங்கையும் கழிச்சுப் பாருங்க, வண்டி இடையில வேற தோட்டத்துக்குப் போகலைன்னா 44.5 பக்கத்துல வரணும், வந்தா பில்லைக் கொடுத்துருங்க.