இவ்வளவாயா, இவ்விதமாயா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் ஒருவர், யோவான் 3:16-இல் ‘இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்’ என்று வருகிற ‘இவ்வளவாய்’ தப்பான மொழிபெயர்ப்பு என்றார். கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு ‘இந்த விதமாக’ என்றுதான் பொருளாம். தேவன் எவ்வளவு நேசித்தார் என்று அந்த வசனம் பேசவே இல்லையாம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. அவர் சொன்னது சரியா? இனி அந்த வசனத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

பிரசங்கியார் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் அவருக்குக் கொடுத்துவிடுவோம்.

அந்தச் சொல் ‘ஹூத்தோஸ்’. கிரேக்கத்தில் வசனம் தொடங்குவதே அதில்தான். ‘இது’ என்ற சுட்டுச்சொல்லிலிருந்து பிறந்த வினையடை அது. நம் ‘இ’ சுட்டிலிருந்து ‘இப்படி’ வந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஏற்பாட்டில் 200 தடவைக்கு மேல் வருகிறது, பெரும்பாலான இடங்களில் விதத்தைத்தான் சொல்கிறது. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் நிற்கும் இயேசுவைச் சேவகன் ஒருவன் அறைகிறானே, அப்போது அவன் கேட்பது, ‘பிரதான ஆசாரியனுக்கு இப்படியா உத்தரவு சொல்லுகிறது?’ அந்த ‘இப்படி’ ஹூத்தோஸ்தான். ‘நாம் இவனை இப்படி விட்டுவிட்டால்’ என்று யூதத் தலைவர்கள் பதறுகிற இடத்திலும் அதே சொல். அளவைச் சொல்ல கிரேக்கத்துக்கு ‘தொசூத்தோஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. யோவானுக்கு அதுவும் தெரியும், வேறு இடங்களில் எழுதியும் இருக்கிறார்.

உங்கள் பிரசங்கியார் தமிழ் வேதாகமத்திலிருந்தே இன்னும் பலமான ஒரு சாட்சியைக் கொண்டுவந்திருக்கலாம். 1 யோவான் 4:11-ஐத் திறந்து பாருங்கள். ‘பிரியமானவர்களே, தேவன் இவ்விதமாய் நம்மிடத்தில் அன்புகூர்ந்திருக்க’ என்று இருக்கும். கிரேக்கத்தில் அங்கேயும் ஹூத்தோஸ், அதே வினைச்சொல், எழுவாயும் அதே தேவன். நாம் சபையில் வாசிக்கிற பழைய திருப்புதல், 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்தது, ஒரே சொல்லை ஓரிடத்தில் ‘இவ்வளவாய்’ என்றும் இன்னோரிடத்தில் ‘இவ்விதமாய்’ என்றும் வைத்திருக்கிறது. அசட்டையால் நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நிருபத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் விளைவு எதுவும் வரவில்லை. சுவிசேஷத்தில் வருகிறது. விஷயமே அதில்தான்.

யோவான் 3:16-இல் ஹூத்தோஸ் தனியாக நிற்கவில்லை. அதற்கு ஜோடியாக ‘ஹோஸ்தெ’ என்ற இணைப்புச்சொல் கொஞ்சம் தள்ளி வருகிறது. அதற்குப் பின்னால் வருவது விளைவு. கிரேக்கச் சொல் வரிசையை மாற்றாமல் தமிழில் போட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘ஹூத்தோஸ் அன்புகூர்ந்தார் தேவன் உலகத்தை, ஹோஸ்தெ குமாரனைத் தந்தார்.’ இந்த ஜோடி பழைய கிரேக்கத்தில் மிகச் சாதாரணம். வினை கோபமோ ஆசையோ அன்போ ஆனால், அளவு தானாக உள்ளே வந்துவிடும். ‘ஹூத்தோஸ் கோபப்பட்டான், ஹோஸ்தெ வாளை உருவினான்’ என்றால், எந்த விதமாகக் கோபப்பட்டான் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அளவுப் பொருள் இந்தச் சொல்லுக்கு அந்நியமும் அல்ல. கலாத்தியர் 1:6-இல் பவுல் ‘இவ்வளவு சீக்கிரமாய்’ என்று வியக்கிறார். அந்த ‘இவ்வளவு’ ஹூத்தோஸ்தான். அங்கே ‘இவ்விதமாகச் சீக்கிரமாய்’ என்று போட்டால் தமிழும் கெடும், பவுலும் கெடுவார்.

காது என்று ஒன்று இருக்கிறதே, அந்தச் சாட்சி என்னை அதிகம் அசைத்தது. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோகியாவில் யோவான் சுவிசேஷத்தை வரிவரியாகப் பிரசங்கித்தவர் கிறிசோஸ்தம். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. இந்த வசனத்துக்கு வரும்போது, ‘ஹூத்தோஸ் அன்புகூர்ந்தார்’ என்ற சொற்கள் அன்பின் மிகுந்த தீவிரத்தைக் காட்டுகின்றன என்கிறார். அகராதி பார்த்துச் சொன்னதல்ல, கேட்டவுடன் அப்படித்தான் அவருக்குப் பட்டது. ‘கிரேக்கத்தில் அளவே இல்லை’ என்று இன்றைக்கு ஒருவர் மேடையில் சொன்னால், கிறிசோஸ்தமுக்குக் கிரேக்கம் தெரியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் இந்தச் சர்ச்சை எங்கிருந்து வந்தது? பாதி ஆங்கிலத்திலிருந்து வந்தது. 1611-இன் ஜேம்ஸ் அரசர் பதிப்பு இந்த இடத்தில் ‘ஸோ’ என்று போட்டது. அந்தக் காலத்து ‘ஸோ’வில் ‘இப்படி’யும் இருந்தது, ‘இவ்வளவு’ம் இருந்தது. போகப்போக மக்கள் காதில் ‘இவ்வளவு’ மட்டும் நின்றது. அதைத் திருத்தத்தான் பிந்தைய ஆங்கிலப் பதிப்புகள் சில, ‘தேவன் உலகத்தை நேசித்த விதம் இதுதான்’ என்று மாற்றி, முக்காற்புள்ளி வைத்து, ‘தம் குமாரனைத் தந்தார்’ என்று தொடர்ந்தன. ஆங்கிலக் காதுக்கான அந்தத் திருத்தத்தைத் தூக்கி அப்படியே நம் ‘இவ்வளவாய்’ மீது போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

மீதிப் பாதி ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. ராபர்ட் கண்ட்ரியும் ரஸ்ஸல் ஹவலும் 1999-இல் எழுதியது. அவர்கள் வாதம் மேலே சொன்ன ஆங்கிலப் பதிப்புகளின் வாதம் அல்ல, இதைப் பலர் கவனிப்பதில்லை. யோவானில் ஹூத்தோஸ் முன்னால் வந்ததைத் திரும்பிப் பார்க்கிற சொல், ஆகவே 3:16-இலும் அது பின்னோக்கித்தான் பார்க்கிறது என்கிறார்கள். எதைப் பார்க்கிறது? இரண்டு வசனம் முன்னால் இருக்கும் பாம்பை. ‘சர்ப்பமானது மோசேயினால் வனாந்தரத்திலே உயர்த்தப்பட்டதுபோல மனுஷகுமாரனும்’ என்று தொடங்குகிற வசனத்தில், கிரேக்கத்தில் ‘போல’வுக்கு ஜோடியாக ‘அப்படியே’ என்று இதே ஹூத்தோஸ் இருக்கிறது. தமிழில் அது ‘மனுஷகுமாரனும்’ என்ற ‘உம்’முக்குள் கரைந்துபோயிற்று. இந்த வாசிப்பின்படி, கம்பத்தில் பாம்பு உயர்த்தப்பட்டதே, அந்த விதமாகத்தான் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார்.

அழகான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதை நிறுத்த ஹோஸ்தெவை ஹூத்தோஸிடமிருந்து பிரித்து, ‘ஆகவே’ என்று புது வாக்கியம் தொடங்க வேண்டியிருக்கிறது. ஹோஸ்தெவுக்கு அப்படி ஒரு பயன்பாடும் உண்டு. ஆனால் யோவான் தம் சுவிசேஷம் முழுவதிலும் ஹோஸ்தெவை இந்த ஓர் இடத்தில்தான் எழுதுகிறார். வேறெங்கும் எழுதாத சொல்லை, ஹூத்தோஸ் வந்த அதே மூச்சில் எடுக்கிறார் என்றால், இரண்டும் ஜோடி இல்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சரி, என் முடிவு என்ன? இப்படியும் அளவும் சேர்ந்துதான் இருக்கின்றன. மழுப்பல் போலத் தோன்றும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை, நாம்தான் கவனிக்கவில்லை. ‘அப்படிப் பெய்தது மழை, குளம் உடைந்துவிட்டது’ என்கிறோம். அந்த ‘அப்படி’ விதமா, அளவா? குளம் உடைந்ததைச் சொன்னதால் மழையின் அளவு தெரிகிறது, பெய்த விதமும் தெரிகிறது. ஹூத்தோஸ், ஹோஸ்தெ ஜோடி செய்வது இந்த வேலையைத்தான். பேச்சுத்தமிழ் ஒரே சொல்லில் முடிக்கிறதை, எழுத்துத்தமிழில் ‘இவ்வளவாய்’, ‘இவ்விதமாய்’ என்று இரண்டு பெட்டியில் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அந்த நெருக்கடியில் பழைய திருப்புதல் செய்ததை நிதானமாகப் பாருங்கள். ‘அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்.’ தமிழில் வினை கடைசியில் வரவேண்டும் என்பதால் கிரேக்கத்தின் முதல் பகுதி கடைசிக்குப் போய்விட்டது. விளைவாக இருந்த ‘தந்தார்’ என்பது ‘தந்தருளி’ என்று எச்சமாகி முன்னால் வந்துவிட்டது. எச்சம் விதத்தையும் சொல்லும் அல்லவா? ஓடி வந்தான் என்றால் வந்த விதம் ஓட்டம். அப்படியே, தந்து அன்புகூர்ந்தார் என்றால் அன்புகூர்ந்த விதம் தந்தது. விதம் ‘தந்தருளி’யில் இருக்கிறது, அளவு ‘இவ்வளவாய்’இல் இருக்கிறது. பிரசங்கியார் காணோம் என்ற பொருள் பக்கத்துச் சொல்லில்தான் உட்கார்ந்திருந்தது.

1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் ‘அந்த மகனையே அளிக்கும் அளவுக்குக் கடவுள் உலகின்மேல் அன்புகூர்ந்தார்’ என்று இருக்கிறது. வாசிக்க இன்னும் ஓட்டமாக இருக்கிறது, ‘மகனையே’ என்ற ஏகாரமும் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறை. ‘உயிரைக் கொடுக்கும் அளவுக்கு நண்பன்’ என்றால் அவன் உயிரைக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தமில்லை, கொடுக்கவும் தயங்க மாட்டான் என்றுதான் அர்த்தம். கிரேக்கத்தில் ஹோஸ்தெவுக்குப் பின்னால் வினையெச்ச வடிவம் வந்தால் ஏறக்குறைய அந்தத் தொனிதான் கிடைக்கும். யோவான் அதை வைக்கவில்லை. ‘தந்தார்’ என்று நடந்து முடிந்த முற்றுவினையை வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் பழைய திருப்புதலின் ‘தந்தருளி’ கெட்டியாக இருக்கிறது, கொடுத்தாயிற்று என்பதில் சந்தேகம் வைக்கவில்லை.

இரண்டு பதிப்பிலுமே தொலைந்துபோன ஒன்று உண்டு. கிரேக்கத்தில் இரண்டாவது சொல் ‘கார்’, அதாவது ‘ஏனென்றால்’. மனுஷகுமாரன் ஏன் உயர்த்தப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லத்தான் 16-ஆம் வசனமே வருகிறது. தமிழில் அந்தக் கண்ணி அறுந்துவிட்டதால், பாம்பைப் பற்றி நினைக்காமலே வசனத்தைச் சுவரில் மாட்டிவிட முடிகிறது. நீங்கள் சண்டை போடுவதானால் ‘இவ்வளவாய்’க்காகப் போடாதீர்கள், இந்த ‘ஏனென்றால்’க்காகப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மனப்பாடம் பழைய வசனமாகவே இருக்கட்டும், ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். ஒப்பிக்கும்போது மட்டும் 14-ஆம் வசனத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், 16-க்கு வரும்போது ‘ஏனென்றால்’ என்று நீங்கள் எடுத்துக்கொடுங்கள். பெரிய பிள்ளைகளாக இருந்தால் 1 யோவான் 4:11-ஐயும் திறக்கச் சொல்லி, அங்கே ‘இவ்விதமாய்’ என்று ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு பையன், ‘அங்க நாம அதே மாதிரி செய்யணும்ல, அதான்’ என்றான். அந்த வசனத்தின் அடுத்த வரி அதுவேதான்: ‘நாமும் ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூர’.