ஒரு கூப்பனுக்கு ஒரு சாப்பாடு: மண்டபத்தில் கணக்குத் தவறாமல் இருக்க

கேள்வி: காட்பாடியில் எங்கள் சங்க ஆண்டு விழா. 1,200 பேர் வருவார்கள். போன வருடம் பிரியாணிக்குக் கொடுத்த கூப்பனைவிட 150 இலை கூடுதலாக விழுந்து, கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை. இந்த முறை மொபைலில் கியூஆர் அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம், காகிதக் கூப்பனே போதும். கியூஆர் வெறும் படம்தான். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்குப் போய்விடும். இரண்டாவது முறை வந்தால் பிடிக்க, எல்லா வாசல் போன்களும் ஒரே பட்டியலை உடனுக்குடன் பார்க்க வேண்டும். கூட்டத்தில் நெட் மந்தமானால் ஒவ்வொரு போனும் தன்னிடம் உள்ளதை மட்டும் பார்த்து 'சரி' என்று விட்டுவிடும்.

முதலில், கொடுக்கிற இடத்தைப் பாருங்கள். மூன்று கவுன்டரிலும் முழுப் பட்டியலையும் வைத்தால், ஒரே ஆள் மூன்றிலும் வாங்கலாம். ஊர் வாரியாகப் பிரித்துவிடுங்கள்: வேலூர், காட்பாடி ஒன்றில், ஆற்காடு, ராணிப்பேட்டை ஒன்றில், குடியாத்தம், ஆம்பூர் ஒன்றில். ஒரு பெயர் ஒரு கவுன்டரில்தான் இருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அச்சகத்தில் நம்பரிங் போடச் சொல்லுங்கள், கலர் தாளில். எந்தக் கலர் என்பது விழா அன்று காலை வரை வெளியே தெரிய வேண்டாம். அன்றைக்கே சங்க முத்திரையும் குத்திவிட்டால் ஜெராக்ஸ் போட்டு வருபவர் வாசலில் மாட்டுவார்.

கூப்பன் தொலைந்தது என்று யாராவது வந்தால், அதே கவுன்டரில் பழைய நம்பரை அடித்துவிட்டு, வேறு கலரில் மாற்றுக் கூப்பன் கொடுங்கள். அடித்த நம்பரை வாசலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் 150 இலை பெரும்பாலும் வாசலில்தான் போயிருக்கும். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவரிடம் கூப்பன் கேட்டு வாங்குவது சரிவராது. பரிமாறுகிறவர் கையில் கரண்டியும் வாளியும் இருக்கும். உள்ளே நுழையும்போதே வாங்கி, அவர் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்துப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். கிழிக்காமல் மேஜையில் அடுக்கி வைத்தால், அந்தக் கட்டிலிருந்தே பத்துக் கூப்பன் தெரிந்தவர் கைக்குப் போய்த் திரும்ப வரும். பாதியை வந்தவரிடமே திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இரண்டு எண்ணிக்கை எடுங்கள்: பெட்டியில் விழுந்த கூப்பன், போட்ட இலை. 300 பேர் பந்தியில் கூப்பன் 288தான் விழுந்திருந்தால், 12 பேர் வேறு வழியில் வந்திருக்கிறார்கள். அநேகமாகச் சமையல்கட்டுப் பக்கக் கதவுதான். அடுத்த பந்திக்கு முன் அங்கே ஒருவரை நிறுத்துங்கள்.

டிரைவர்கள், பந்தல்காரர்கள், பரிமாறும் பிள்ளைகள் எல்லாருக்கும் தனிக் கலரில் கூப்பன் கொடுங்கள். பசியோடு வேலை பார்க்கிறவரைக் கூப்பன் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. கூப்பன் இல்லாமல் உட்கார வைத்தால் கணக்கும் நிற்காது. பார்சலுக்கும் அதே கூப்பன்தான், ஆனால் மேஜை தனியாக இருக்கட்டும். நாலு பார்சல் கேட்பவரிடம் நாலு கூப்பனை வாங்கி, கிழித்த பிறகே பொட்டலத்தை எடுக்கச் சொல்லுங்கள்.