எல்லாக் கிளாம்பையும் இறுக்கினால் குழாய் எங்கே போகும்?

கேள்வி: 10 மாடித் தொடர்மாடி ஒன்றுக்கு வெளிச்சுவரில் 110 மி.மீ. பிவிசி கழிவுக் குழாய் ஏற்றுகிறோம். என்ன கிளாம்ப் போடுவது, எத்தனை அடிக்கு ஒன்று? மாடிக்கு ஒன்று போட்டு இறுக்கினால் போதும் என்கிறார் பாஸ்.

உங்கள் பாஸ் சொன்னதை அப்படியே நம்பிச் செய்த ஆள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பொறியியலாளர் இல்லை. கொழும்பில் 19 வருடமாகக் குழாய் வேலை எடுத்துச் செய்கிறேன். உங்கள் வரைபடத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படிதான் செய்ய வேண்டும். அதை மீறச் சொல்கிறேன் என்று யாரும் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு 9 மாடிக் கட்டடம். உங்களுடையது போலவே 110 மி.மீ. குழாய், மேற்குச் சுவர், மத்தியானத்துக்குப் பிறகு நல்ல வெயில். மாடிக்கு மாடி உயரம் 3.1 மீற்றர். கீழே உள்ள வளைவைக் கொங்கிரீட்டில் புதைத்துவிட்டு, அங்கிருந்து கூரை வரைக்கும் எல்லா இணைப்பையும் கம் பூசியே ஒட்டினோம். குழாயைச் சுவரோடு அணைத்துப் பிடிக்கும் தகட்டுச் சாடில் மாடிக்கு ஒன்று வைத்து, சீமெந்துக் கல் சுவரில் திருகாணிக்குப் பிளாஸ்டிக் ரோல் பிளக் அடித்து இறுக்கினோம். தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது ஒரு சொட்டும் ஒழுகவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஆறாம் மாடியில் இருந்த அம்மா ஒருவர், குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை படிகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஏழாம் மாடிக் குளியலறைக் கிளை, ரைசர் என்று நாங்கள் சொல்லும் அந்தச் செங்குத்துக் குழாயோடு சேரும் டீ இணைப்பில் மயிரிழை வெடிப்பு. அதை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டினேன். மூன்று மாதத்தில், "தம்பி, திரும்ப ஒழுகுது, இந்தமுறை எட்டாம் மாடியிலும்" என்றார். மூன்றாம் மாடிக்காரருக்கோ நாலாம் மாடிக்காரருக்கோ ஒரு குறையும் இல்லை. கம் சரியில்லை, குழாய் மலிவானது, நிலம் அமர்ந்துவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கம் பிழையென்றால் மேல்மாடிகளில் மட்டும் ஏன் வெடிக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு நாள் காலை 6 மணிக்கு மாக்கர் பேனாவோடு போய், எட்ட முடிந்த ஒவ்வொரு மாடியிலும் சாடிலின் விளிம்பை ஒட்டிக் குழாயில் கோடு போட்டேன். குழாயின் தோல் வெப்பம் அப்போது 26 பாகை. பிற்பகல் 3 மணிக்கு வந்தபோது 48 பாகை. நாலாம் மாடி வரைக்கும் கோடு அசையவில்லை. ஆனால் சாடிலுக்கும் சாடிலுக்கும் நடுவில் குழாய் சுவரை விட்டு விலகி வில் மாதிரி வளைந்திருந்தது, கண்ணாலேயே தெரிந்தது. ஐந்தாம் மாடிக்கு மேலே கடற்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்து, ரோல் பிளக்குகள் கழன்று, சாடில்கள் பேருக்குத்தான் தொங்கிக்கொண்டிருந்தன. எட்டாம் மாடியில் கோடு 12 மி.மீ. மேலே ஏறியிருந்தது.

பிவிசி குழாய் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை சூடு ஏறினால் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். 22 பாகை ஏறும்போது ஒரு மாடி உயரத்துக்கு, அதாவது 3.1 மீற்றருக்கு, கிட்டத்தட்ட 4.8 மி.மீ. ஒரு மாடிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்பது மாடியும் ஒரே துண்டாக ஒட்டியிருந்தால் 43 மி.மீ. கீழே கொங்கிரீட் பிடித்திருக்கிறது, அதனால் அவ்வளவும் மேலேதான் போக வேண்டும். குளியலறைக் கிளையோ சுவருக்குள் சீமெந்தால் பூசப்பட்டு நகர முடியாமல் நிற்கிறது. ரைசர் தினமும் மேலே இழுக்கிறது, இரவில் கீழே இறங்குகிறது, கிளை விடமாட்டேன் என்கிறது. டீயின் கழுத்துதான் வெடிக்கும். கீழ்மாடிகளில் சாடில்கள் இன்னும் பிடித்திருந்ததால் அங்கே குழாய் வளைந்து தப்பிக்கொண்டது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருடம் போனால் அதுவும் வெடித்திருக்கும்.

ஆகவே நீங்கள் கேட்ட "எத்தனை அடிக்கு ஒன்று" என்பதற்கு முன்னால், எந்தக் கிளாம்ப் பிடிக்க வேண்டும், எது வழிவிட வேண்டும் என்று பிரிக்க வேண்டும். பிடிக்கும் கிளாம்ப் மாடிக்கு ஒன்றுதான். அது கிளை சேரும் டீ இணைப்பில் குழாய் நுழையும் சொக்கெட் கழுத்தில் வர வேண்டும், வெறும் குழாயில் அல்ல. கிளை இருக்கும் இடத்தில் ரைசர் அசையாமல் நின்றால் கிளைக்கு ஒன்றும் ஆகாது. அந்த டீயின் மேல்வாய் றப்பர் வளையம் உள்ளதாக இருக்க வேண்டும், அங்கே கம் பூசவே கூடாது. மேலிருந்து வரும் குழாயை முழுவதும் உள்ளே தள்ளி, வாயின் விளிம்பில் கோடு போட்டு, பிறகு 10 மி.மீ. வெளியே இழுத்து விட வேண்டும். அந்தக் குழாயின் மேல்நுனியை அடுத்த மாடி டீயின் அடிவாயில் கம் பூசி ஒட்டலாம். இப்போது ஒவ்வொரு துண்டும் மேலே உள்ள பிடியில் தொங்கிக்கொண்டு, சூடேறினால் கீழே இருக்கும் றப்பர் வாய்க்குள் 4.8 மி.மீ. இறங்கும். 10 மி.மீ. இடம் இருப்பதால் அடிக்காது. ஒரு மாடியின் நீட்சி அடுத்த மாடிக்குப் போவதே இல்லை.

வழிவிடும் கிளாம்ப் மாடிக்கு நடுவில் ஒன்று. றப்பர் வைத்த இரண்டு பாதிக் கிளாம்ப் வாங்கினால், முழுவதும் இறுக்கினால் அதுவும் பிடித்துவிடும். அதனால் குழாய்க்கும் அதற்கும் ஒரு மி.மீ. அளவு சுற்றிவர இடைவெளி வரும் மாதிரி வழிகாட்டிக் கிளாம்பாகவே கேட்டு வாங்குங்கள். குழாயைக் கையால் பிடித்து மேலும் கீழும் தள்ளினால் நழுவ வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. யூ-போல்ட்டைப் பிவிசியில் நேரே போட்டு நட்டை முறுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அது குழாயைக் கடிக்கும், பிறகு அந்தத் தழும்பிலிருந்தே வெடிப்பு தொடங்கும்.

இடைவெளிக்கு வருவோம். அமெரிக்கப் பக்கத்தில் சர்வதேசப் பிளம்பிங் விதி என்று பாவிப்பது, செங்குத்துப் பிவிசிக்கு அதிகபட்சம் 10 அடி என்கிறது. 2 அங்குலமும் அதைவிடச் சிறியதும் என்றால் மாடி நடுவில் ஒரு வழிகாட்டியும் கேட்கிறது. பிரித்தானிய வழக்கத்தில் 110 மி.மீ. கழிவுக் குழாயைச் செங்குத்தில் 2 மீற்றருக்கு ஒன்றாகப் பிடிப்பார்கள். 10 அடி என்பது 3.05 மீற்றர். எங்கள் மாடியோ 3.1 மீற்றர். மாடிக்கு ஒன்று என்றாலே அந்த விதியைத் தாண்டிவிடுகிறோம். நடுவில் ஒன்று போட்டால் 1.55 மீற்றருக்கு ஒன்று ஆகும், இரண்டு கணக்குக்குள்ளும் அடங்கும்.

பிடிக்கும் கிளாம்பைக் கல் சுவரில் அடிக்காதீர்கள். விட்டத்திலோ சிலாப் விளிம்பிலோ, கொங்கிரீட்டில் விரியும் போல்ட் போடுங்கள். சாதாரண நாளில் ஒரு மாடித் துண்டு 5 கிலோதான் இருக்கும். ஆனால் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும்போதோ கீழே அடைத்துக்கொண்டாலோ அதுவே 30 கிலோ வரும். அந்த நாளுக்குத்தான் கிளாம்பைக் கணக்கிட வேண்டும். கடல் பக்கம் என்றால் மெல்லிய நாகப் பூச்சுத் தகடு வேண்டாம். உருக்கிய நாகத்தில் முக்கியெடுத்தது, முடிந்தால் துருப்பிடிக்காத உருக்கு. விலை கூடத்தான், ஆனால் சாரக்கட்டு திரும்பப் போடும் செலவை நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

இரும்பு ரைசரும் இருக்குமே என்று கேட்பீர்கள். அங்கே கவலை வேறு. இரும்பு பிவிசியின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் நீளும், ஆனால் பாரம் அதிகம். ஜிஐ என்னும் நாகம் பூசிய 100 மி.மீ. இரும்புக் குழாய் தண்ணீரோடு மீற்றருக்கு ஏறக்குறைய 21 கிலோ, 28 மீற்றர் ஏறினால் 590 கிலோ. அதற்கு ரைசர் கிளாம்ப் என்றே தனியாக இருக்கிறது. இரண்டு தடித்த பட்டிகள் குழாயைக் கட்டிக்கொள்ளும், இரண்டு காதும் சிலாப்பின் மேல் உட்காரும். அது உராய்வில்தான் பிடிக்கிறது, ஆகவே இரண்டு குழாயை இணைக்கும் கப்ளிங் ஒன்றுக்குக் கீழே வருமாறு போடுங்கள், நழுவினாலும் கப்ளிங் அதில் தங்கும். அதே விதிப் புத்தகம் இரும்புக்கு 15 அடி வரை அனுமதிக்கிறது. உங்கள் கேள்வி கழிவுக் குழாய் பற்றியது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

வெள்ளவத்தைக் கட்டடத்தில் ஒன்பது மாடி டீயையும் மாற்றினேன். திரும்பவும் கோடு போட்டுப் பார்த்தேன். பிடிக்கும் கிளாம்புகளில் ஒரு கோடும் அசையவில்லை. ஒவ்வொரு றப்பர் வாயிலும் பிற்பகலில் குழாய் 4 முதல் 5 மி.மீ. உள்ளே இறங்கியிருந்தது. நாலு வருடமாகிறது, யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த வேலையில் குறை வந்தால் திருத்துவதற்குப் பிணையாக என்னிடம் பிடித்துவைத்த 5 சதவீதப் பணம் இன்றுவரை வரவில்லை. பிரதான ஒப்பந்தக்காரர் உரிமையாளரைக் காட்டுவார், உரிமையாளர் ஆலோசகரைக் காட்டுவார். என் பிழைக்கு என் செலவில் டீ மாற்றினேன், சரி. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் குறைநீக்கக் காலம் முடிந்து மூன்று வருடம் போனபிறகும் சிறிய துணை ஒப்பந்தக்காரனின் பணத்தை வைத்திருப்பது எந்த நியாயம்? என்னோடு வேலை செய்த இரண்டு பையன்கள் இதனாலேயே கட்டாருக்குப் போய்விட்டார்கள். நல்ல கைகள் அவை. நீங்களும் துணை ஒப்பந்தம் எடுப்பவர் என்றால், அந்தப் பணம் எந்தத் தேதியில் விடப்படும் என்பதைக் கடிதத்தில் எழுதி வாங்காமல் முதல் குழாயை ஏற்றாதீர்கள்.

உங்கள் வேலைக்கு: 10 மாடிக்கு 10 பிடிக்கும் கிளாம்ப், 10 வழிகாட்டி, மேல்வாயில் றப்பர் வளையம் உள்ள 10 டீ. பாஸ் மறுத்தால், முதல் இரண்டு மாடியை மட்டும் இந்த முறையில் ஏற்றிவிட்டு, வெயில் நாளொன்றில் காலையில் றப்பர் வாயின் விளிம்பை ஒட்டி அவர் கையாலேயே கோடு போடச் சொல்லுங்கள். பிற்பகலில் அந்தக் கோட்டை அவரே பார்க்கட்டும்.