ஐந்தே நிமிடத்தில் அணையும் எமர்ஜென்சி விளக்கு

இரவு முழுவதும் சார்ஜ் போட்டாலும் கரண்ட் போனால் ஐந்து நிமிடம்தான் எரிகிறது. பேட்டரியா, சர்க்யூட்டா? கோத்தகிரிக் குளிர்தான் காரணமா?

குளிர் கொஞ்சம் குறைக்கும், மணிக்கணக்கை நிமிடமாக்காது. பெரும்பாலும் பேட்டரிதான், ஆனால் அதைக் கொன்றது யார் என்றும் பார்க்க வேண்டும்.

குன்னூரில் என் வீட்டு விளக்கில் இருந்தது 6 வோல்ட் சீல்டு பேட்டரி, நான்கு வயது. சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் 6.3 காட்டியது. நல்ல பேட்டரி என்றே நினைத்தேன். விளக்கைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் 5.2! எரியும்போது எடுக்கும் அளவைத்தான் நம்ப வேண்டும். அப்போது வோல்டேஜ் 6க்கு மேல் நின்றும் விளக்கு மங்கினால், எல்.இ.டி.யை ஓட்டும் டிரைவரில் பழுது.

புதிய பேட்டரி போட்டேன். அது நிறைந்த பிறகும் முனைகளில் 7.4 வோல்ட் இறங்கவேயில்லை. தொடர்ந்து செருகியே இருக்கும் விளக்கில் சுமார் 6.8இல் நிற்க வேண்டும். சார்ஜை நிறுத்தும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தது. பழைய பேட்டரி உள்ளே வறண்டது அதனால்தான். டிரான்சிஸ்டரை மாற்றாமல் விட்டிருந்தால் புதிய பேட்டரியும் அதே வழியில் போயிருக்கும். மாறாக, இரவு முழுவதும் ஏற்றியும் 6.4ஐத் தாண்டாவிட்டால் சார்ஜர் போதுமான மின்சாரம் தரவில்லை. சார்ஜர் பலகையில் 230 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் தொடாதீர்கள்.