காது மெஷின்: டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிக்கும், கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் பொருத்தித் தரும் விலையுயர்ந்த கருவிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

வயதாகும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. கேட்கும் திறனை அளந்து காட்டும் தாளான ஆடியோகிராம், 64 வயதுப் பெண் ஒருவருக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: தாழ்ந்த சுருதியான 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-இல் 25, 2000-இல் 40, உயர்ந்த சுருதியான 4000-இல் 55. டெசிபல் எண் கூடக் கூட குறைபாடு அதிகம். அதாவது, தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய நன்றாகவே கேட்கின்றன. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் போய்விட்டன. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த பக்கம் இருப்பதால் பேச்சு காதில் விழும். ச, ட, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது உயர்ந்த பக்கம். அதனால் 'பட்டு' என்றதா, 'பத்து' என்றதா எனத் தெரியாது. "கேக்குது, ஆனா புரியல" என்று இவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த மலிவான கருவி வெறும் ஒலிபெருக்கிதான்; பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்தே தூக்கும். 30 டெசிபல் கூட்டினால் மின்விசிறியின் இரைச்சலும் அவருடைய சொந்தக் குரலும் காதில் முழங்கும். எரிச்சலில் ஒலியைக் குறைப்பார். குறைத்ததும் 'ட'வும் 'த'வும் மறுபடி மறைந்துவிடும். கடைசியில் கருவி அலமாரிக்குப் போகும்.

அளந்து பொருத்தும் கருவியில் 500 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட எதுவும் கூட்டமாட்டார்கள். 2000-இல் சுமார் 20, 4000-இல் 25 டெசிபலையொட்டிக் கூட்டுவார்கள். மெல்லிய சத்தத்துக்கு நிறையவும் உரத்த சத்தத்துக்குக் கொஞ்சமாகவும் கூட்டும்படி அமைப்பார்கள். பாத்திரம் கீழே விழுந்தாலும் காது அதிராமல் இருப்பது அதனால்தான். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இந்த அளவீட்டுக்கும் உண்டு பங்கு.

அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கே கடையில் நேரடியாக விற்கும் காது மெஷினை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறாள். எனக்கு 66 வயது. போடலாமா?

அது மேலே சொன்ன ஒலிபெருக்கி அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 அக்டோபர் முதல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்த தனி வகை அது. 18 வயது நிரம்பியவர்களுக்கு, லேசானது முதல் மிதமானது வரையிலான குறைபாட்டுக்கு மட்டும். அதிலிருந்து வெளிவரும் ஒலி 111 டெசிபலைத் தாண்டக் கூடாது. உரத்த ஒலியைத் தானே அடக்கும் வசதி இருந்தால் 117 வரை போகலாம். ஒலியளவை நாமே கூட்டிக் குறைக்க வழி இருக்க வேண்டும்.

இங்கே ஆன்லைனில் விற்கும் சில கருவிகளின் பெட்டியில் 130 டெசிபல் என்று பெருமையாகவே அச்சிட்டிருக்கிறார்கள். அது மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கக்கூடிய அளவு. அதை வாங்காதீர்கள்.

உங்களுக்கு ஒத்துவருமா என்பதை ஓரளவு வீட்டிலேயே ஊகிக்கலாம். கூட்டத்திலும் தொலைபேசியிலும் மட்டும் சிரமம், டி.வி. சத்தத்தை மற்றவர்களைவிடக் கூட்டி வைக்கிறீர்கள் என்றால் தொடங்கிப் பார்க்கலாம். அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினாலே புரியவில்லை, லாரி எஞ்சின் சத்தமே மங்கலாகக் கேட்கிறது என்றால் இந்த வகையின் பலம் போதாது. ஆனாலும் ஊகத்தைவிட, இ.என்.டி. பிரிவில் எடுக்கும் ஆடியோகிராம் தாள் ஒன்று கையில் இருப்பது எவ்வளவோ மேல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

போன வாரம் காலையில் எழுந்ததிலிருந்து வலது காது மட்டும் அடைத்த மாதிரி, 'கொய்ங்' என்று சத்தம். தற்காலிகமாக ஒரு மெஷின் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். இன்றே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். உள்காது நரம்பு திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மெஷின் போட்டுச் சமாளித்தால் அந்த நாட்கள் கைவிட்டுப் போகும்.

இதேபோல, கடந்த ஆறு மாதத்தில் காதில் சீழோ ரத்தமோ வந்திருந்தால், வலி அல்லது தலைசுற்றல் இருந்தால், ஒரு காதுக்கும் மறு காதுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால், கேட்கும் திறன் வேகமாகக் குறைந்தாலோ ஏறி இறங்கினாலோ, முதலில் டாக்டர். கருவியெல்லாம் பிறகு.

பேரனுக்கு ஏழு வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. சின்னதாக ஒன்று வாங்கித் தரலாமா?

கூடாது. காரணம் நடுக்காதில் தேங்கிய நீராகக்கூட இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. குழந்தைக்கு எந்தக் கருவியானாலும் பரிசோதித்து, அளந்துதான் பொருத்த வேண்டும்.

புதிதாக வாங்கியது 'கீ' என்று விசிலடிக்கிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. கருவி வெளியிடும் சத்தம் காதின் ஓரமாகக் கசிந்து, மீண்டும் அதன் மைக்கிலேயே நுழைவதால் வரும் விசில் அது. முனையில் உள்ள ரப்பர் குமிழ் காதுக்குச் சிறிதாக இருக்கும். பெட்டியில் உள்ள அடுத்த அளவைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். பட்ஸ் விட்டுக் குடையாமல் டாக்டரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அழுக்கை எடுத்ததும் மெஷினே தேவைப்படாமல் போவதும் உண்டு.

முதல் சில நாட்கள் வீட்டுக்குள், குறைந்த ஒலியில், ஓரிரண்டு மணி நேரம் போட்டுப் பழகிவிட்டு, அப்புறம் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் போங்கள். கழற்றிய பிறகு காது இரைந்தாலோ வலித்தாலோ ஒலி அதிகம் என்று அர்த்தம். மூன்று நான்கு வாரம் போட்டும் பேச்சு தெளிவாகாவிட்டால், இன்னொரு மலிவான கருவியை முயல்வதை விட்டுவிட்டு ஆடியாலஜிஸ்டிடம் போய்விடுங்கள். வாங்கும்போதே திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து வைத்திருந்தால் பணமும் மிஞ்சும்.