சாம்பார் பொடி பாக்கெட்டும் ராசிக் கட்டமும்

*கஞ்சிக்கோட்டில் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஓணத்துக்கு முன்னால் சாம்பார் பொடி பாக்கெட்டை மாற்ற வேண்டும். போன தடவை மாற்றியபோது ‘இதுக்கு யார் ஓகே சொன்னது?’ என்று சேல்ஸும், தரம் பார்க்கும் க்யூஏவும் பெரிய சண்டை. இந்த முறை என்னை, யார் செய்வது, யார் முடிவெடுப்பது என்று எழுத்துகளால் குறிக்கும் ரேசி சார்ட் போடச் சொன்னார்கள். போட்டேன். ‘டிசைன் ஒப்புதல்’ வரியில் இரண்டு பேருமே எனக்குத்தான் ஏ வேண்டும் என்கிறார்கள். இருவருக்கும் கொடுத்துவிடலாமா?*
*– வாசகர், கொழிஞ்சாம்பாறை*

கொடுக்காதீர்கள். ஆனால் ஒருவரிடமிருந்து பிடுங்கி மற்றவருக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டு பேர் ஒரே ஏவுக்கு மல்லுக்கட்டினால், பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். தப்பு அந்த வரியில் இருக்கும். ஒரு வரிக்குள் இரண்டு, மூன்று முடிவுகளைத் திணித்திருப்போம்.

அதற்கு முன் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொள்வோம், ஏனென்றால் நம் பக்கத்தில் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. ஆர் என்பதையும் ஏ என்பதையும் தமிழில் ‘பொறுப்பு’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உங்கள் மலையாள நண்பர்களும் இரண்டுக்கும் ‘உத்தரவாதித்தம்’ என்பார்கள். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆளுக்கு ஒன்றைப் புரிந்துகொண்டு எழுந்து போவார்கள். நான் கூட்டங்களில் ‘பொறுப்பு’ என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. ஆர் என்றால் செய்பவர். ஏ என்றால் பதில் சொல்பவர். சரி என்றோ வேண்டாம் என்றோ கடைசி வார்த்தை அவருடையது, நாளை தப்பானால் முதலாளி கூப்பிடுவதும் அவரைத்தான். சி என்றால் முடிவுக்கு முன் கேட்கப்படுபவர். ஐ என்றால் தெரிவிக்கப்படுபவர். செய்பவர் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். பதில் சொல்பவர் ஒருவர்தான். சின்ன வேலைகளில் இரண்டும் ஒரே ஆளாக இருந்தாலும் தப்பில்லை. (ரேசி என்பதை ‘ராசிக் கட்டம்’ என்று எங்கள் ஸ்டோரில் கிண்டல் செய்வார்கள். யார் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதால், பெயர் அவ்வளவு மோசமில்லை.)

இப்போது உங்கள் ‘டிசைன் ஒப்புதல்’ வரியைப் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் என்னென்ன முடிவுகள் இருக்கின்றன?

முதலில், பாக்கெட்டின் பின்பக்கம். பொருள்களின் பட்டியல், நிகர எடை, 14 இலக்க உணவு உரிம எண், அலர்ஜி எச்சரிக்கை எல்லாம் அங்கேதான். இதில் அழகுக்கு வேலையே இல்லை. சட்டப்படி சரியா தப்பா என்பது மட்டும்தான். சாம்பார் பொடியில் இது விளையாட்டில்லை. நாம் போடுவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் மாவு கலந்திருக்கும். அது கோதுமை மாவாக இருந்தால் பாக்கெட்டில் கோதுமை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். பர்ச்சேஸில் ஒருவர் விலை குறைவு என்று வேறு பெருங்காயத்துக்கு மாறினால், பொடியின் ருசியில் ஒன்றும் தெரியாது. லேபிள் மட்டும் பொய்யாகிவிடும். ஆகவே இந்த வரியில் ஏ க்யூஏவுக்கு. பர்ச்சேஸுக்கு சி. விற்பனை மேலாளருக்கு வெறும் ஐ. அவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இரண்டாவது, முகப்பு. நிறம், படம், மலையாளத்தில் பெயர் எவ்வளவு பெரிதாக வேண்டும், ஓணத்துக்கு மஞ்சள் தூக்கலாக இருக்க வேண்டுமா என்பதெல்லாம். பாலக்காட்டுக் கடை அலமாரியில் எது கண்ணை இழுக்கும் என்று தெரிந்தவர் விற்பனை மேலாளர். ஏ அவருக்கு. டிசைனர் ஆர். க்யூஏ இங்கே சி, ஏனென்றால் முகப்பில் சேல்ஸ் ஆசையோடு எழுதும் ‘நூறு சதம் சுத்தம்’ மாதிரி வாசகங்களை அவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். புரொடக்ஷனும் சி. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். பாக்கெட்டுகள் அச்சாகி வரும் ரோலில் இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே ஓரமாக ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்குமே, பாக்கிங் மெஷினின் சென்சார் அதைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. டிசைனர் அந்த ஓரத்தில் அழகாக ஒரு கரும்பச்சைக் கறிவேப்பிலையைப் படரவிட்டால், மெஷின் தடுமாறிப் பாக்கெட்டைப் பாதிப் படத்தில் வெட்டும். மெஷின் ஓட்டுபவரிடம் பத்து நிமிடம் காட்டியிருந்தால் போதும்.

மூன்றாவது, ‘சரி, சிலிண்டர் வெட்டலாம்’ என்று பிரிண்டருக்குச் சொல்வது. இந்தத் திட்டத்தில் திரும்பி வர முடியாத இடம் இதுதான். ரோல் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் தனியாகச் செதுக்குவார்கள். பின்பக்க எழுத்து வெறும் கறுப்பில் இருந்தால், பிழை வந்தாலும் அந்த ஒரு சிலிண்டரை மாற்றினால் தீர்ந்தது. பல நிறப் பின்னணிக்குள் வெள்ளை எழுத்தாக விட்டிருந்தால், அந்த நிறங்களின் சிலிண்டர் அத்தனையையும் திரும்பச் செதுக்க வேண்டிவரும். அதனால் இதைத் தனி வரியாக எழுதுங்கள். ஏ பர்ச்சேஸ் மேலாளருக்கு. ஆனால் முதல் இரண்டு வரிகளின் ஏக்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட பிரதி கையில் இல்லாமல் அவர் ஆர்டர் அனுப்பக் கூடாது. டிசைனரோடு பிரிண்டரையும் ஆர் என்று போடலாம். வெளியாளுக்கு ஏ மட்டும் போடாதீர்கள். நாம் கொடுத்ததைத்தான் அவர் செதுக்குகிறார்.

நான்காவது, பழைய ரோலை என்ன செய்வது. தோற்றம் மட்டும்தான் மாறுகிறது என்றால் தீரும்வரை ஓட்டலாம். மீதியைக் கழித்துக் கட்டினால் எவ்வளவு நஷ்டம், அதை யார் தாங்குவது என்ற கேள்வி வரும். அதைச் சொல்லும் அதிகாரம் உங்கள் சேல்ஸுக்கும் இல்லை, க்யூஏவுக்கும் இல்லை, பிளான்ட் மேலாளருக்குத்தான். பழைய லேபிளில் சட்டப் பிழை இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது நிறுத்தச் சொல்வது க்யூஏவின் ஏ, நஷ்டக் கணக்கு அப்புறம்.

உங்கள் ஒரு வரி இப்போது இப்படி ஆகிவிட்டது:

| முடிவு | க்யூஏ | சேல்ஸ் | பர்ச்சேஸ் | டிசைனர் | புரொடக்ஷன் | ஸ்டோர் | பிளான்ட் மேலாளர் |
|---|---|---|---|---|---|---|---|
| பின்பக்க விவரம் | ஏ, ஆர் | ஐ | சி | ஐ | – | – | – |
| முகப்புத் தோற்றம் | சி | ஏ | – | ஆர் | சி | – | ஐ |
| சிலிண்டருக்கு அனுப்புதல் | ஐ | ஐ | ஏ | ஆர் | ஐ | ஐ | – |
| பழைய ரோல் நிறுத்தும் தேதி | சி | சி | ஐ | – | சி | ஆர் | ஏ |

சண்டை போட்ட இருவருக்கும் ஏ கிடைத்துவிட்டது, வேறு வேறு வரியில். கட்டத்தில் இருப்பது துறையின் பெயர். நீங்கள் வைத்திருக்கும் பிரதியில் ஆளின் பெயரை எழுதுங்கள். அவர் லீவில் போனால் யார் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். ‘க்யூஏ பார்த்துக்கொள்ளும்’ என்ற வரியை க்யூஏவில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டோருக்குப் போட்ட அந்த ஐயைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதில் நானே சூடுபட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு பாக்கெட் மாற்றம். கட்டம் நான் போட்டதுதான், ஒழுங்காகவே போட்டிருந்தேன். ஸ்டோர்காரருக்கு ஐ. புது ரோல் வந்து இறங்கிய அன்று அவருக்குத் தகவல் சொன்னேன். அவர் என்னை அழைத்துப் போய் ஓர் அடுக்கைக் காட்டினார். பழைய டிசைன் ரோல், பிரிக்காத கட்டு, மூன்று மாதத்துக்குக் காணும். இருப்பு குறைகிறதே என்று முந்தின வாரம்தான் வழக்கம்போல் பழைய ரோலே வேண்டும் என்று இண்டென்ட் போட்டிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? அன்றிலிருந்து ஒவ்வொரு ஐக்கும் பக்கத்தில் ‘எதற்கு முன்னால்’ என்று எழுதிவிடுவேன். உங்கள் கட்டத்தில் ஸ்டோருக்குத் தகவல் போக வேண்டியது சிலிண்டர் ஆர்டர் போகும் அன்று. ரோல் வரும் அன்று போனால் பயனில்லை.

சிக்கும் இதே மாதிரி ஒரு நாள் எல்லை வேண்டும். கேட்பது என்றால் பதில் வரும்வரை காத்திருப்பது என்று ஆகிவிடக் கூடாது. ‘புதன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இப்படியே போகிறோம்’ என்று எழுத்தில் கேளுங்கள். பின்பக்க விவரத்துக்கு மட்டும் இந்த விதி செல்லாது. அங்கே பர்ச்சேஸிடமிருந்து பெருங்காய சப்ளையரின் ஸ்பெசிஃபிகேஷன் தாள் கைக்கு வந்தே ஆக வேண்டும். அப்புறம், சியின் கருத்தை ஏ ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி பதில் போட்டால் போதும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், சி கிடைத்தவர்கள் அதைத் தடுக்கும் அதிகாரமாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டத்தை முடித்ததும் இரண்டு விதமாக வாசித்துப் பாருங்கள். குறுக்கே வாசிக்கும்போது ஏ இல்லாத வரி, இரண்டு ஏ உள்ள வரி, ஆர் இல்லாத வரி கண்ணில் படும். மேலிருந்து கீழே வாசித்தால் ஆள்களின் நிலைமை தெரியும். ஒருவருக்கே ஏ வரிசையாக விழுந்திருந்தால் அவர் மேஜையில்தான் எல்லாம் தேங்கப்போகிறது. ஒருவருக்கு எல்லா வரியிலும் சி என்றால், பாதியை ஐ ஆக்க முடியுமா என்று அவரையே கேளுங்கள். பல பேர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

இந்தக் கட்டம் செய்யாத வேலை ஒன்று உண்டு: எது எந்தத் தேதிக்குள் என்று அது சொல்லாது. ஓணத்தில் அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள். கடைகளுக்குச் சரக்கு அதற்கு வெகு முன்னாலேயே போயிருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தனியாக ஒரு அட்டவணை போடுங்கள். உங்களுக்கு இந்த நான்கு வரியில் ஒரு எழுத்தும் கிடைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேட்டு வாங்காதீர்கள். அட்டவணையை ஓட்டுவதும், கையெழுத்து வந்ததா என்று துரத்துவதும் உங்கள் வேலை. ஒருங்கிணைப்பவர் கையில் ஏ போனால், அப்புறம் எல்லாரும் எல்லாவற்றையும் உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எல்லாரையும் கூட்டி இதைத் திரையில் காட்டும் முன், க்யூஏ மேலாளரையும் விற்பனை மேலாளரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். முதல் இரண்டு வரியை மட்டும் காட்டி, ‘இது தப்பானால் உங்களைக் கூப்பிடலாமா?’ என்று கேளுங்கள். சரி என்றால் அங்கேயே இனிஷியல் வாங்கிவிடுங்கள். ஸ்டோருக்குப் போகும் தாளில் எழுத்துக் கட்டமெல்லாம் வேண்டாம். ‘பழைய ரோலுக்கு இண்டென்ட் போடாதீர்கள், இந்தத் தேதி முதல்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரி எழுதி, இண்டென்ட் புத்தகத்தின் அட்டையிலேயே ஒட்டிவிடுங்கள்.